தொட்டவர்கள் எத்தனை பேர், தங்கியவர்கள் எவ்வளவு நேரம்

யூடியூப் சேனல் தொடங்கி நாலைந்து வீடியோ போட்ட எவருக்கும் ஒரு பழக்கம் வந்துவிடும். காலையில் எழுந்ததும் யூடியூப் ஸ்டூடியோவைத் திறந்து எண்களைப் பார்ப்பது. வியூஸ், சப்ஸ்க்ரைபர் இரண்டும் சொல்லிக்கொடுக்காமலே புரிந்துவிடும். அதற்குக் கீழே இருக்கும் இரண்டு எண்கள்தான் குழப்பும். ஒன்று Impressions click-through rate. சேனல் நடத்துகிறவர்கள் சுருக்கமாக சிடிஆர் என்பார்கள். இன்னொன்று Average view duration, அதாவது சராசரியாக ஒருவர் எவ்வளவு நேரம் பார்த்தார் என்பது. ஒன்று சதவீதத்தில் வரும், மற்றொன்று நிமிடம், வினாடியில் வரும். ஒன்று ஏறும் நாளில் மற்றொன்று இறங்குவதும் உண்டு. புதியவர்கள் பெரும்பாலும் சிடிஆரை மட்டும் பிடித்துக்கொண்டு தம்ப்நெயிலை மாற்றி மாற்றிப் போடுகிறார்கள். இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் வீடியோவில் எந்த இடத்தில் கோளாறு என்று தெரியும்.

ஓர் உதாரணத்தை வைத்துக்கொண்டு பேசலாம். கோபிசெட்டிபாளையத்தில் மிக்ஸி, கிரைண்டர் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கும் ஒருவர் சேனல் தொடங்கியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மிக்ஸி ஜாரின் அடியில் தண்ணீர் கசிகிறது, உள்ளே இருக்கும் புஷ் தேய்ந்துவிட்டது. அதை வீட்டிலேயே மாற்றுவது எப்படி என்று எட்டு நிமிட வீடியோ போடுகிறார். இந்தக் கட்டுரையில் அவருடைய வீடியோவுக்கு வரும் எண்கள் எல்லாம் கணக்கைப் புரிந்துகொள்வதற்காக நான் போட்டவை. கணக்கு நடக்கும் விதம் யூடியூப்பில் உள்ளபடியே.

முதலில் இம்ப்ரெஷன் என்றால் என்ன என்று பார்க்க வேண்டும். அவருடைய வீடியோவின் தம்ப்நெயில், அதாவது தலைப்புக்கு மேலே தெரியும் அந்தச் சின்னப் படம், ஒருவருடைய திரையில் பாதிக்கு மேல் தெரிந்து, ஒரு வினாடிக்கு மேல் நின்றால் அது ஓர் இம்ப்ரெஷன். வேகமாகத் தள்ளிக்கொண்டு போகும்போது அரை வினாடி கண்ணில் பட்டுப் போனால் கணக்கில் வராது. ஹோம் பக்கம், தேடல் முடிவுகள், ஒரு வீடியோ ஓடும்போது அதன் பக்கத்திலோ கீழேயோ வரும் அடுத்த வீடியோ பட்டியல், சப்ஸ்க்ரிப்ஷன் பக்கம் ஆகிய இடங்களில் காட்டப்படுவது எண்ணப்படும். இப்படி எண்ணப்பட்ட இம்ப்ரெஷன்களில் நூற்றுக்கு எத்தனை, வீடியோவைத் தொட்டுத் திறந்து பார்ப்பதில் முடிந்தன என்பதே சிடிஆர். 4,000 முறை காட்டி 180 பேர் தொட்டிருந்தால் 4.5 சதவீதம்.

எண்ணப்படாதவையும் உண்டு. அவற்றைத் தெரிந்துகொள்ளாமல் நிறையப் பேர் தலையைப் பிய்த்துக்கொள்கிறார்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பிய லிங்க் வழியாக வருகிறவர்கள், பிற இணையதளங்களிலிருந்து வருகிறவர்கள், மொபைலுக்கு வரும் நோட்டிஃபிகேஷனைத் தொட்டு வருகிறவர்கள், வேறொரு வீடியோவின் கடைசியில் வரும் எண்ட் ஸ்கிரீன் வழியாக வருகிறவர்கள் ஆகியோருக்கு இம்ப்ரெஷன் கணக்கே கிடையாது. ஆனால் அவர்கள் பார்த்தது வியூவாக விழும். அதனால் 4,000 இம்ப்ரெஷன், 4.5 சதவீதம், 180 வியூ வந்திருக்க வேண்டுமே, ஆனால் 260 காட்டுகிறதே என்று நம் கடைக்காரர் திகைத்தால், அந்த 80 வேறு வாசல்களில் வந்தவை. எண்களில் பிழை ஏதும் இல்லை.

இந்த 80 பேர் சிடிஆரைத் தொடமாட்டார்கள், ஆனால் சராசரி பார்வை நேரத்தைத் தொடுவார்கள். சராசரி பார்வை நேரம் என்பது மொத்தம் பார்க்கப்பட்ட நேரத்தை மொத்த வியூக்களால் வகுத்து வருவது. எந்த வாசலில் வந்திருந்தாலும் எல்லோரும் அதில் சேர்வார்கள். புதுச் சேனல்காரர் வீடியோ போட்டவுடன் சொந்தக்காரர்கள் குழுவுக்கும் பள்ளித் தோழர்கள் குழுவுக்கும் லிங்க் அனுப்புகிறார். அவர்கள் மிக்ஸி ரிப்பேருக்காக வரவில்லை. மாமா பையன் வீடியோ போட்டிருக்கிறான் என்று அன்பாகத் திறந்து, இருபது வினாடி பார்த்து, ஒரு லைக் போட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். அன்பு உண்மையானதுதான், ஆனால் சராசரி கீழே இறங்கிவிடுகிறது. இதைப் பிரித்துப் பார்க்க ஸ்டூடியோவிலேயே வழி இருக்கிறது. வீடியோவின் அனலிட்டிக்ஸில் Reach என்ற பகுதியில், மேலே அகலமாகத் தொடங்கிக் கீழே குறுகும் ஒரு படம் இருக்கும். மேல் தட்டில் இம்ப்ரெஷன், அடுத்ததில் அவற்றிலிருந்து வந்த வியூ, அந்த வியூக்களுக்கு மட்டுமான சராசரி நேரம், கடைசியில் அவற்றால் கிடைத்த மொத்தப் பார்வை நேரம். உறவினர் கணக்கு இதற்குள் பெரும்பாலும் வராது. புதுச் சேனலை எடைபோட எனக்குத் தெரிந்து இதைவிட நேர்மையான படம் ஸ்டூடியோவில் இல்லை.

இப்போது இரண்டு எண்களையும் ஒன்றோடொன்று பெருக்கிப் பார்ப்போம். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தை எடுத்துக்கொண்டு போவதானால் இந்தப் பெருக்கலை எடுத்துக்கொண்டு போங்கள்.

கடைக்காரர் முதல் வீடியோவுக்கு 'மிக்ஸி ஜாரில் தண்ணீர் கசிகிறதா? புஷ் மாற்றும் முறை' என்று தலைப்பு வைத்தார். ஒரு வாரத்தில் 4,000 இம்ப்ரெஷன், 4.5 சதவீதம், ஆக 180 பேர் உள்ளே வந்தார்கள். சராசரியாக 3 நிமிடம் 20 வினாடி பார்த்தார்கள். 200 வினாடி வீதம் 180 பேர், 36,000 வினாடி, அதாவது சரியாக 10 மணி நேரம்.

அடுத்த வீடியோவுக்கு யாரோ சொன்ன யோசனைப்படி 'இந்த ஒரு பொருள் போதும், பழைய மிக்ஸி புதுசாகும்' என்று தலைப்பு வைத்து, தம்ப்நெயிலில் பளபளக்கும் மிக்ஸியையும் சிவப்பு அம்புக்குறியையும் போட்டார். இதுவும் எட்டு நிமிடம்தான். அதே 4,000 இம்ப்ரெஷனுக்குச் சிடிஆர் 9 சதவீதமாக ஏறியது. 360 பேர் வந்தார்கள். முதல் வீடியோவைப் போல இரண்டு மடங்கு! ஆனால் உள்ளே வந்தவர்கள் பார்த்தது கப்ளர் மாற்றும் வேலை. பழைய மிக்ஸி புதுசாகும் மாயப் பொருள் எதுவும் அங்கே இல்லை. சராசரி 50 வினாடியில் வெளியேறினார்கள். 360 பேர், 50 வினாடி வீதம், 18,000 வினாடி. 5 மணி நேரம்.

சிடிஆர் இரண்டு மடங்கு, கிடைத்த நேரம் பாதி. 360 பேருக்கு ஏமாற்றம் வேறு. மறுமுறை அவருடைய பெயரைப் பார்த்தால் அவர்கள் தொடத் தயங்குவார்கள்.

யூடியூப்பே இந்தப் பாடத்தை ஒரு காலத்தில் கற்றுக்கொண்டது. 2012க்கு முன்பு அங்கே வீடியோக்களைப் பரிந்துரைத்த முறை பெரிதும் கிளிக்குகளை நம்பியிருந்தது. விளைவு, உள்ளே ஒன்றும் இல்லாவிட்டாலும் படத்தைப் பார்த்தவுடன் தொடத் தூண்டும் வீடியோக்கள் மேலே வந்தன. 2012இல் பார்க்கப்பட்ட நேரத்தையும் கணக்கில் சேர்த்தார்கள். அப்படிச் சேர்த்தவுடன் வியூக்கள் 20 சதவீதம் சரிந்தன என்று யூடியூப்பின் பொறியியல் துணைத் தலைவர் கிறிஸ்டோஸ் குட்ரோ 2021இல் எழுதிய கட்டுரையில் சொல்லியிருக்கிறார். சரிந்தும் அந்த முடிவை அவர்கள் மாற்றிக்கொள்ளவில்லை. 2016இல் கூகுள் பொறியாளர்கள் பால் கோவிங்டன் உள்ளிட்ட மூவர் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை இன்னும் வெளிப்படையானது. கிளிக் விகிதத்தை வைத்து வரிசைப்படுத்தினால், பார்வையாளர் முழுதாகப் பார்க்காத ஏமாற்று வீடியோக்கள் மேலே வருகின்றன என்று அதில் எழுதியிருக்கிறார்கள். அதற்குப் பதிலாக அவர்கள் கணிக்க முயன்றது, ஒரு வீடியோவை ஒருமுறை காட்டினால் எவ்வளவு பார்வை நேரம் எதிர்பார்க்கலாம் என்பதை. நாம் மேலே போட்ட பெருக்கல் கணக்கும் அதே வகைதான். முதல் வீடியோவை ஒருமுறை காட்டினால் 9 வினாடி கிடைத்தது. இரண்டாவதைக் காட்டினால் நாலரை வினாடி.

அதற்குப் பிறகு யூடியூப்பின் முறை நிறைய மாறியிருக்கிறது. பார்வையாளர்களிடம் நட்சத்திரம் கேட்டு நடத்தும் கருத்துக் கணிப்பு, லைக், ஷேர், 'இது வேண்டாம்' என்று ஒதுக்குவது எல்லாம் இன்று சேர்ந்திருக்கின்றன. ஆகவே பெருக்கி வரும் எண்ணை யூடியூப்பின் இறுதித் தீர்ப்பாக நினைக்கக் கூடாது. இன்னொன்றும் உண்டு. இந்தக் கணிப்பு ஒவ்வொரு பார்வையாளருக்கும் தனித்தனியே நடக்கிறது. ஈரோட்டில் நேற்று மிக்ஸி மோட்டார் பற்றித் தேடிய ஒருவரின் ஹோம் பக்கத்தில் எதைக் காட்டலாம் என்பதுதான் அங்கே கேள்வி. உங்கள் சேனலுக்கு மதிப்பெண் போட்டு மூலையில் உட்காரவைக்கும் வேலை அங்கே நடப்பதில்லை. நாம் ஸ்டூடியோவில் பார்ப்பது அப்படிப்பட்ட ஆயிரக்கணக்கான தனித்தனி முடிவுகளுக்குப் பின் வந்த சராசரியை.

இதைப் புரிந்துகொண்டால் புதியவர்களை மிகவும் பயமுறுத்தும் ஒரு காட்சியும் தெளிவாகிவிடும். வீடியோ போட்ட முதல் இரண்டு நாளில் சிடிஆர் 12 சதவீதம். பத்தாம் நாளில் பார்த்தால் 4 சதவீதம். வீடியோ விழுந்துவிட்டது என்று எண்ணி அன்றிரவே தம்ப்நெயிலை மாற்றுகிறார்கள், தலைப்பை மாற்றுகிறார்கள். உண்மையில் நடந்தது என்ன? முதல் இரண்டு நாள் 500 இம்ப்ரெஷன்தான். பெரும்பாலும் சப்ஸ்க்ரைபர்களுக்கும், அவருடைய வீடியோவை முன்பே பார்த்தவர்களுக்கும் காட்டப்பட்டது. தெரிந்த முகம் என்பதால் 60 பேர் தொட்டார்கள். பிறகு யூடியூப் வெளியாட்களின் ஹோம் பக்கத்துக்குக் கொண்டுபோனது. பத்தாம் நாளில் இம்ப்ரெஷன் 12,000, வியூ 480. விகிதம் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது, பார்த்தவர்கள் எட்டு மடங்கானார்கள். இவர் யாரென்றே தெரியாத நூறு பேருக்குக் காட்டி மூன்று நான்கு பேர் தொடுகிறார்கள் என்றால் அது சரிவு ஆகாது, பரவல். இம்ப்ரெஷனைப் பார்க்காமல் சிடிஆரை மட்டும் பார்க்கவே கூடாது என்று அனுபவசாலிகள் சொல்வதன் காரணம் இதுதான்.

எவ்வளவு இருந்தால் நல்ல சிடிஆர்? யூடியூப்பின் உதவிப் பக்கம் தருவது ஒரே ஓர் அளவுகோல். மொத்தச் சேனல்களிலும் வீடியோக்களிலும் பாதி, 2 முதல் 10 சதவீதத்துக்குள் இருக்கின்றன. ஒரு வாரம்கூட ஆகாத வீடியோவோ, 100 வியூக்குக் குறைந்த வீடியோவோ இந்த எல்லையைத் தாண்டி எங்கும் நிற்கலாம். 200 இம்ப்ரெஷனுக்கு 4 சதவீதம் என்றால் எட்டுப் பேர். இன்னும் இரண்டு பேர் தொட்டால் 5 சதவீதம். அந்த இரண்டு பேரை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது. சில ஆயிரம் இம்ப்ரெஷன் சேரும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருப்பது கடினம்தான், ஆனால் இருக்க வேண்டும்.

சராசரி பார்வை நேரத்தைப் படிப்பதில் வேறு விதமான பொறி இருக்கிறது. சராசரி என்பதாலேயே அது பலவற்றை மறைத்துவிடும். நம் கடைக்காரரின் 3 நிமிடம் 20 வினாடியையே எடுத்துக்கொள்ளுங்கள். வந்த நூறு பேரும் ஏறக்குறைய மூன்று நிமிடம் இருபது வினாடியில் கிளம்பியிருந்தாலும் இந்த எண் வரும். நூறில் ஐம்பது பேர் 15 வினாடியில் ஓடிவிட்டு, மீதி ஐம்பது பேர் 6 நிமிடம் 25 வினாடி வரை உட்கார்ந்திருந்தாலும் இதே எண்தான் வரும். இரண்டும் வேறு வேறு நோய், மருந்தும் வேறு.

எது நடந்தது என்று தெரிய, அந்த எண்ணைத் தாண்டி அதன் கீழே இருக்கும் ரிடென்ஷன் கோட்டைப் பார்க்க வேண்டும். இடமிருந்து வலமாக வீடியோவின் நேரம், மேலிருந்து கீழாக இன்னும் பார்த்துக்கொண்டிருப்பவர்களின் சதவீதம். எல்லா வீடியோவிலும் தொடக்கத்தில் ஒரு சறுக்கல் இருக்கும். தவறித் தொட்டவர்கள், வேறு எதையோ எதிர்பார்த்தவர்கள் அங்கே கழிகிறார்கள். 30ஆவது வினாடியில் எத்தனை சதவீதம் மிஞ்சினார்கள் என்பதை ஸ்டூடியோ தனியாகவே எழுதிக் காட்டுகிறது. ஏறக்குறைய அதே நீளமுள்ள உங்கள் பிற வீடியோக்களோடு ஒப்பிட்டு, வழக்கத்துக்கு மேலா கீழா என்றும் சொல்கிறது.

கடைக்காரரின் முதல் வீடியோவில் கோடு இரண்டாவது வகையாக இருந்தது. தொடக்கத்தில் செங்குத்தாக விழுந்து, பாதிப் பேரைப் பறிகொடுத்து, பிறகு ஆறாவது நிமிடம் தாண்டும்வரை கிட்டத்தட்ட சமதளமாகப் போயிற்று. ஆகவே வேலையைச் செய்துகாட்டிய பகுதியில் குறை இல்லை. ஸ்பேனர், புஷ், வாஷர் என்று ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டி, பழைய புஷ்ஷைத் தட்டிக் கழற்றும் பகுதியில் யாரும் நகரவில்லை. விழுந்த இடத்தில் என்ன இருக்கிறது என்று வீடியோவைப் போட்டுப் பார்த்தால் விடை கிடைத்துவிடும். முதல் பத்து வினாடி சுழலும் லோகோவும் இசையும். அடுத்து, "வணக்கம் நண்பர்களே, நம்ம சேனலுக்குப் புதுசா வந்திருந்தா சப்ஸ்க்ரைப் பண்ணிட்டு, பக்கத்துல இருக்கிற பெல் பட்டனையும் அழுத்திக்கோங்க." பிறகு கடை தொடங்கிய கதை. 50ஆவது வினாடியில்தான் கசியும் ஜார் முதல்முறையாகத் திரைக்கு வருகிறது. சமையல்கட்டில் சட்னி பாதியில் நிற்க, கசியும் ஜாரைக் கையில் வைத்துக்கொண்டு தேடி வந்தவருக்கு அந்த 50 வினாடி மிக நீளமானது.

கோடு முதல் வகையாக இருந்திருந்தால், எல்லோரும் 3:20 அருகில் கிளம்பியிருந்தால், அந்த இடத்தில் என்ன வந்தது என்று பார்க்க வேண்டும். காமிரா கைக்குப் பின்னால் மறைந்துவிட்டதா, "இப்ப அடுத்த ஜாரையும் பார்ப்போம்" என்று அதே வேலை மறுபடி தொடங்கியதா, வேலை முடிந்துவிட்டது என்று குரலிலேயே தெரிந்துவிட்டதா. அந்த நோய்க்குத் தம்ப்நெயிலை மாற்றி ஒரு பயனும் இல்லை.

கோட்டில் மேடுகளும் வரும். கப்ளரை எந்தப் பக்கம் திருப்பினால் கழலும் என்று காட்டும் இடத்தில் ஒரு மேடு இருந்தால், பார்த்தவர்கள் பின்னுக்கு இழுத்து மறுபடி பார்க்கிறார்கள் என்று பொருள். ஒன்று அது மிகவும் உதவிய இடம், அல்லது சரியாகப் புரியாத இடம். எது என்பதைக் கருத்துப் பகுதியில் வரும் கேள்விகள் சொல்லிவிடும். "அண்ணா, எந்தப் பக்கம் சுத்தணும்னு மறுபடி சொல்லுங்க" என்று நாலு பேர் கேட்டிருந்தால் அடுத்த வீடியோவில் அந்தக் காட்சியை நெருக்கமாக எடுக்க வேண்டும்.

ஆக, இரண்டு எண்களும் இரண்டு வேறு இடங்களைப் பற்றிப் பேசுகின்றன. சிடிஆர் பேசுவது தம்ப்நெயிலையும் தலைப்பையும் பற்றி, யாருக்குக் காட்டப்பட்டது என்பதையும் பற்றி. உள்ளே வீடியோ எப்படி இருக்கிறது என்பது தொடுகிறவருக்கு அந்த நேரத்தில் தெரியாது. பார்வை நேரம் பேசுவது உள்ளே இருப்பதைப் பற்றி. கூடவே, வெளியே கொடுத்த வாக்கும் உள்ளே இருப்பதும் ஒத்துப்போகிறதா என்பதையும் பற்றி. சிடிஆர் குறைவு, உள்ளே வந்தவர்கள் நன்றாகத் தங்குகிறார்கள் என்றால் வீடியோ நல்லது, வெளியே அதைச் சரியாகச் சொல்லவில்லை. இந்த நிலையில் இருக்கும் புதுச் சேனல்காரர்கள் சோர்ந்துபோவதைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும், ஏனென்றால் கடினமான பாதி வேலையை அவர்கள் முடித்துவிட்டார்கள். தம்ப்நெயிலை ஒரு மாலை நேரத்தில் மாற்றிவிடலாம். சிடிஆர் அதிகம், முதல் அரை நிமிடத்திலேயே கூட்டம் கலைகிறது என்றால் வாக்கு பொய்த்திருக்கிறது, அல்லது வாக்கை நிறைவேற்றத் தாமதமாகிறது.

கடைக்காரர் முதல் வீடியோவில் இரண்டு மாற்றங்கள் செய்தார். ஸ்டூடியோவில் உள்ள எடிட்டரில் வீடியோவின் முன்பகுதியை வெட்டலாம். வீடியோவை அழித்து மறுபடி ஏற்ற வேண்டியதில்லை, லிங்க், வியூ, கருத்துகள் எல்லாம் அப்படியே இருக்கும். முதல் 50 வினாடியை வெட்டினார். வீடியோ 7 நிமிடம் 10 வினாடியாகச் சுருங்கியது, தொடங்கும்போதே ஜாரின் அடியில் தண்ணீர் சொட்டுகிறது. அடுத்து தம்ப்நெயில். பழையதில் அவர் மிக்ஸியோடு நின்றுகொண்டிருந்தார், மேலே ஏழெட்டு வார்த்தைகள். கைபேசியில் தம்ப்நெயில் எவ்வளவு சிறிதாகத் தெரியும் என்பதைக் கணினியில் வடிவமைக்கும்போது மறந்துவிடுகிறோம். அந்த வார்த்தைகளை யாரும் படித்திருக்க முடியாது. புதியதில் கவிழ்த்த ஜாரின் அடிப்பகுதி மட்டும், சொட்டும் தண்ணீர், 'கசிகிறதா?' என்று ஒரு சொல்.

அடுத்த 4,000 இம்ப்ரெஷனுக்குச் சிடிஆர் 5.5 சதவீதம், 220 பேர். சராசரி 3 நிமிடம் 45 வினாடி. பெருக்கினால் 49,500 வினாடி, 13 மணி 45 நிமிடம். முன்பு 10 மணி. சிடிஆர் ஒரே ஒரு சதவீதம்தான் கூடியது, நேரம் 25 வினாடிதான் கூடியது. தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் அற்பம். சேர்ந்தால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடுதல்.

இந்த இடத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சராசரி நேரம் என்பது வீடியோவின் நீளத்தோடு கட்டப்பட்டது. எட்டு நிமிடத்தில் 3:20 என்பது 42 சதவீதம். ஏழு நிமிடம் பத்து வினாடியில் 3:45 என்பது 52 சதவீதம். இருபது நிமிட வீடியோவில் நாலு நிமிடம் பார்த்தார்கள் என்பதையும் ஐந்து நிமிட வீடியோவில் மூன்றரை நிமிடம் பார்த்தார்கள் என்பதையும் நேரத்தை மட்டும் வைத்து ஒப்பிட்டால் முதலாவது வென்றதுபோல் தெரியும். ஒரே அளவு நீளமுள்ள வீடியோக்களை ஒப்பிடும்போது நேரத்தைப் பாருங்கள், நீளம் வேறுபடும்போது பக்கத்தில் உள்ள சராசரி சதவீதத்தையும் சேர்த்துப் பாருங்கள். நேரத்தைக் கூட்டுவதற்காக வீடியோவை இழுக்கிறவர்களுக்குப் பெரும்பாலும் சதவீதம் விழுந்துவிடும், இழுத்த இடமெல்லாம் கோட்டில் பள்ளமாகத் தெரியும்.

ஷார்ட்ஸ் போடுகிறவர்கள் இன்னும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். ஷார்ட்ஸ் வரிசையில் தம்ப்நெயிலைப் பார்த்துத் தொடும் வழக்கமே இல்லை, வீடியோ தானாக வந்து ஓடுகிறது, பிடிக்காதவர் விரலால் தள்ளிவிடுகிறார். அங்கே சிடிஆருக்கு இடமில்லை. எத்தனை பேர் பார்த்தார்கள், எத்தனை பேர் தள்ளினார்கள் என்ற வேறு கணக்கு இருக்கிறது. 2025 மார்ச் 31 முதல் ஷார்ட்ஸ் ஓடத் தொடங்கினாலே ஒரு வியூ என்று எண்ணுகிறார்கள். முப்பது வினாடி ஷார்ட்ஸையும் எட்டு நிமிட வீடியோவையும் கலந்து சேனலின் மொத்தச் சராசரியைப் பார்த்தால் அந்த எண்ணுக்கு எந்தப் பொருளும் இருக்காது. ஸ்டூடியோவில் வீடியோ, ஷார்ட்ஸ் என்று பிரித்துக் காட்டும் பகுதி உண்டு. அங்கே போய்த் தனியாகப் பாருங்கள்.

தம்ப்நெயில் மூன்றில் எதைப் போடுவது என்று குழம்புகிறவர்களுக்கு யூடியூப்பே ஒரு சோதனை வசதி வைத்திருக்கிறது. கணினியில் ஸ்டூடியோவைத் திறந்தால் Test & compare என்று இருக்கும், அடையாளச் சரிபார்ப்பு முடித்துக் கூடுதல் வசதிகளைத் திறந்த சேனல்களுக்குக் கிடைக்கும். மூன்று தம்ப்நெயில் வரை கொடுக்கலாம். பார்வையாளர்களைப் பிரித்து ஒவ்வொரு பகுதிக்கும் ஒன்றைக் காட்டி, சில நாள்களிலிருந்து இரண்டு வாரத்துக்குள் எது வென்றது என்று சொல்லும். எதை வைத்து வெற்றியை முடிவுசெய்கிறது தெரியுமா? அதிகம் பேர் எதைத் தொட்டார்கள் என்பதை வைத்து அல்ல. எந்தத் தம்ப்நெயிலால் அதிகப் பார்வை நேரம் கிடைத்தது என்பதை வைத்து. தொடவும் வைத்து, தொட்டவரை ஏமாற்றாமலும் இருந்த தம்ப்நெயில்தான் வெல்லும். சோதனை முடியாத நிலையும் அடிக்கடி வரும். இம்ப்ரெஷன் குறைவாக இருந்தாலோ, மூன்றும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருந்தாலோ, வித்தியாசம் சொல்ல முடியவில்லை என்றே முடிவு வரும். எழுத்தின் நிறத்தை மட்டும் மாற்றி மூன்று போடுவதில் பயனில்லை. ஒன்றில் கசியும் ஜார், ஒன்றில் தேய்ந்த புஷ்ஷும் புதிய புஷ்ஷும் அருகருகே, ஒன்றில் வேலை செய்யும் கை என்று கருத்திலேயே வேறுபட்டவையாக இருக்க வேண்டும்.

கடைசியாக, கடைக்காரரைப் போன்ற ஒருவருக்குச் சராசரி நேரம் ஓரளவுக்கு மேல் ஏறவே ஏறாமல் போகலாம். அதில் தவறில்லை. செய்முறை வீடியோவுக்குத் தேடி வருகிறவர் தனக்குத் தெரியாத ஒரே படியைப் பார்க்க வருகிறார். நேராக நான்காவது நிமிடத்துக்குத் தள்ளி, கழற்றும் விதத்தைப் பார்த்து, வீடியோவை நிறுத்திவிட்டு ஜாரைக் கையில் எடுக்கிறார். அவருடைய கணக்கில் ஒரு நிமிடம்கூட ஏறாது, ஆனால் அவர் தேடி வந்தது கிடைத்துவிட்டது. எந்த வழியாக வந்தவர்கள் எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்று ஸ்டூடியோவில் பிரித்துப் பார்த்தால், தேடல் வழியாக வந்தவர்களின் நேரம் ஓர் அளவிலும், ஹோம் பக்கத்திலிருந்து வந்தவர்களின் நேரம் வேறு அளவிலும் இருப்பது தெரியும். தேடலில் வருகிறவர்கள் குறைந்த நேரமே தங்கி, "சரியாகிவிட்டது, நன்றி" என்று எழுதிப் போகிறார்கள் என்றால், அந்தச் சராசரியைக் கூட்டுவதற்காகக் கழற்றும் படியைக் கடைசி நிமிடத்துக்குத் தள்ளிவைக்கக் கூடாது. ஹோம் பக்கத்திலிருந்து வருகிறவர்களுக்கோ இன்று கசியும் ஜார் இல்லை, வேலையை வேடிக்கை பார்க்க வருகிறார்கள். அவர்களைத் தங்கவைக்க வேண்டுமென்றால் கிரைண்டர் மோட்டாரை முழுதாகப் பிரித்துக் காட்டும் வேறொரு வீடியோ வேண்டும், அதற்கு வேறொரு தம்ப்நெயில் வேண்டும்.